செவிப்பறைவழி நடுச்செவி ஊசி: சொல்லும் பொருளும்

திடீர்க் கேள்திறன் இழப்பு போன்ற உட்செவிக் கோளாறுகளுக்குத் தரப்படும், காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சுருக்கமாக "இன்ட்ரா டிம்பானிக் ஸ்டீராய்டு" என்று எழுதும் சிகிச்சையைத் தமிழில் பெரும்பாலும் "செவிப்பறை ஊசி" என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்பவர், மருந்து செவிப்பறையில்தான் செலுத்தப்படுகிறது என்றும் நோய் அங்கேதான் இருக்கிறது என்றும் எண்ணிக்கொள்வார். இரண்டும் உண்மையல்ல.

"டிம்பனான்" என்பது முரசைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இலத்தீனில் "டிம்பனம்" ஆகி உடற்கூற்றியலுக்கு வந்தபோது, அது தோலை மட்டுமன்றி முரசின் உட்குடைவையும், அதாவது நாம் நடுச்செவி என்னும் காற்றறையையும் குறித்தது. "இன்ட்ரா" என்றால் உள்ளே. ஆகவே மூலச்சொல்லின் பொருள் "நடுச்செவி அறைக்குள்" என்பதே. நம் "செவிப்பறை" அந்த அறையை மூடியிருக்கும் சவ்வை மட்டுமே சுட்டுவதால், நேராக மொழிபெயர்த்தால் அறை விட்டுப்போகிறது. "ட்ரான்ஸ் டிம்பானிக்" என்ற இன்னொரு வழக்குச் சொல்லுக்குச் "செவிப்பறை ஊடாக" என்பது பொருந்தும். எனினும் அது வழியைச் சொல்கிறதே தவிர, மருந்து சேரும் இடத்தைச் சொல்லவில்லை. இவ்விரண்டையும் இணைத்துச் "செவிப்பறைவழி நடுச்செவி ஊசி" என்பதே என் பரிந்துரை. சற்று நீளம்தான், ஆனால் நோயாளிக்குத் தெரிய வேண்டியது அதில் இருக்கிறது.

"ஸ்டீராய்டு" என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். விளையாட்டுச் செய்திகளில் வரும் "ஊக்கமருந்து" இங்கே பொருந்தாது. அது தசையை வளர்க்கும் வகை. காதுக்குப் பயன்படும் டெக்சாமெத்தசோனும் மெத்தில்பிரெட்னிசோலோனும் அட்ரீனல் சுரப்பியின் புறணி சுரக்கும் பொருளை ஒத்தவை, அழற்சியைத் தணிப்பவை.

நடுச்செவியும் மருந்தின் இறுதி இடமன்று. நுண்ணோக்கியில் பார்த்தபடி செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய நீண்ட ஊசியால் ஏறத்தாழ அரை மில்லிலிட்டர் மருந்தை உள்ளே நிரப்புகிறார்கள். பிறகு நோயாளி, ஊசி போட்ட காது மேல்நோக்கி இருக்குமாறு தலையைத் திருப்பி, 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். அந்நேரம் பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: விழுங்கும்போது நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் திறந்து, மருந்து வழிந்தோடிவிடும். தங்கிய மருந்து வட்டச் சாளரம் என்னும் நுண்சவ்வின் வழியே ஊறி, உட்செவியின் நீர்மத்தை அடைகிறது. சிலருக்கு அந்தச் சாளரத்தைச் சளிச்சவ்வு மடிப்பு மறைத்திருக்கும். மேலும், ஒலியை உணரும் உட்செவிப் பகுதியான நத்தைச் சுருளின் அடியிலிருந்து நுனிக்குச் செல்லச் செல்ல மருந்தின் செறிவு வெகுவாகக் குறைகிறது. அடிப்பகுதி கீச்சொலிகளையும் நுனி தாழ்ந்த ஒலிகளையும் உணர்வதால், மருந்து எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. நீரிழிவு உள்ள ஐம்பது வயதுப் பெண்மணிக்குக் காலையில் எழுந்ததும் வலக்காது அடைத்து, இரைச்சல் கேட்கிறது. அழுக்குதான் என்று எண்ணெய் விட்டுக் காத்திருப்பதுதான் இங்கே நேரும் பெரும் பிழை. வாயை மூடி "ம்ம்" என்று முனகும்போது ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கோ நீரோ காரணமாகலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உட்செவிக் கோளாறு என்று ஐயுற்று அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று நாளுக்குள் ஏற்பட்டதும், அடுத்தடுத்த மூன்று அலைவெண்களில் 30 டெசிபெலுக்குக் குறையாததுமான இழப்பு என்று கேள்திறன் சோதனை காட்டினால், அது திடீர்க் கேள்திறன் இழப்பு. மாத்திரையாகத் தரும் ஸ்டீராய்டு இவருடைய சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், இரண்டு வாரத்தில் நான்கு ஊசி என்று தொடங்குவது நியாயமானது. 2011இல் அமெரிக்காவில் 250 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரை உட்கொண்டவர்களும் ஊசி போட்டுக்கொண்டவர்களும் சராசரியாக ஏறத்தாழ 30 டெசிபெல் முன்னேற்றம் கண்டனர். ஆனால் சிகிச்சையின்றியே ஒரு பகுதியினருக்குக் கேள்திறன் மீள்வதால், அந்த முன்னேற்றம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுத முடியாது. மாத்திரை பலன் தராதபோதும் இந்த ஊசியைத் தருவதுண்டு. அதற்குரிய காலம் நோய் தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை. உட்செவியைத் தாக்கும் மெனியர் நோயின் தலைச்சுற்றலுக்கும் இது பயன்படுகிறது. அதே நோய்க்கு இதே வழியில் தரப்படும் ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கேள்திறனையே கெடுக்கக்கூடும் என்பதால், கேட்கும் காதுக்கு ஸ்டீராய்டே பாதுகாப்பானது.

மருந்து குளிர்ந்திருந்தால் சில நிமிடம் கடுமையாகத் தலை சுற்றும். ஆகவே உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிச் செலுத்துகிறார்கள். எரிச்சலும் வலியும் சிறிது நேரம் இருக்கும். ஊசித் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதுவரை காதில் நீர் புகாமல் காக்க வேண்டும். சிலருக்குத் துளை மூடாமல் நின்றுவிடுகிறது, சிலருக்கு நடுச்செவியில் தொற்று உண்டாகிறது. காதிலிருந்து நீரோ சீழோ வடிந்தால், அடுத்த ஊசிக்குரிய நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாக்கில் உலோகச் சுவை தட்டுவதாகவும் சிலர் சொல்வார்கள். நாக்கின் சுவையை உணர்த்தும் நரம்பொன்று இதே அறையைக் கடந்துதான் செல்கிறது. அதன் இலத்தீன் பெயர் "கோர்டா டிம்பனி", அதாவது முரசின் நாண்.