ஆறு மாதம் என்றைக்கு முடிகிறது?

ஆறு மாதம் முடியும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்று சொன்னதற்கு, இந்த வாரமும் ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். சாட்ஸ்வொர்த்தில் மகள் வீட்டோடு இருப்பவர். பேரன் மார்ச் 17 அன்று பிறந்தவன். "ஆகஸ்ட் 17க்கே ஆறாம் மாசம் வந்தாச்சு, ஏன் கஞ்சி கொடுக்கக் கூடாது?" என்றார். மகளோ நாலு வாரம் ஒரு மாதம் என்று பெருக்கி, 24 வாரம் முடியும் செப்டம்பர் 1ஐக் குறித்து வைத்திருந்தாள். இரண்டுமே தப்பு.

இந்தக் குழப்பம் கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. "பத்து மாதம் சுமந்தேன்" என்கிறோமே, அது 28 நாளை ஒரு மாதமாக வைத்து 40 வாரத்தைப் பத்தாக்கிய கணக்கு. அப்போது நடக்கிற மாதத்தையும் சேர்த்துத்தான் சொல்லுவோம். பிறந்த பிள்ளைக்கு இந்த இரண்டு பழக்கமும் உதவாது. ஆறாம் மாதம் தொடங்கும் நாளில் முடிந்திருப்பது ஐந்து மாதம்தான். இந்தப் பையனுக்கு அன்று வயது 153 நாள். செப்டம்பர் 1 என்றாலும் 168 நாள்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆறு மாதமோ ஏறத்தாழ 180 நாள்.

சரியான வழி இதைவிடச் சுலபம். பிள்ளையின் எடையும் ஊசியும் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியைப் பாருங்கள். தேதியை மாற்றாமல் மாதத்தை மட்டும் ஆறு தள்ளுங்கள். மார்ச் 17 பிறந்தவனுக்கு செப்டம்பர் 17, அவ்வளவுதான். இடையில் 31 நாள் மாதம் எத்தனை என்று விரல் மடக்க வேண்டாம். ஆகஸ்ட் 31 பிறந்த பிள்ளைக்கு பிப்ரவரியில் 31 கிடையாது. அந்த மாதக் கடைசி நாளை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் 181 நாள் ஆகிவிடும். பதினான்காம் வார ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணாதீர்கள், ஊசி தள்ளிப் போயிருக்கலாம்.

ஒரு மாதம் முந்தினால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? கஞ்சி வயிற்றை நிரப்பும், பிள்ளை தாய்ப்பால் குடிப்பது குறையும். தண்ணீர் கலந்த கஞ்சியோடு வயிற்றுப்போக்கும் வரலாம். எடைக் கோடு படுத்த பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாக்கால் கரண்டியை வெளியே தள்ளும் பிள்ளை அடம் பிடிக்கவில்லை அம்மா, இன்னும் தயாராகவில்லை.

நல்ல நாள் பார்த்து ஏழு, எட்டு மாதம் வரை இழுக்கவும் வேண்டாம். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்துக் கையிருப்பு ஆறு மாதத்துக்குள் கரையத் தொடங்கிவிடும். செப்டம்பர் 17 தாண்டியதும் மசித்த பருப்போ, நன்றாக வெந்த முட்டையோ, ஈரலோ ஓரிரு தேக்கரண்டி கொடுங்கள். மீலி மீல் கஞ்சி என்றால் கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் காய்ச்சுங்கள். தாய்ப்பால் தொடரட்டும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் இந்தத் தேதிக் கணக்கு போதாது. அதை வீட்டில் முடிவு செய்யாமல், பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.