இன்சூரன்ஸ் வழக்கில் சம்மன்: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் தேதியும் நேரமும் பாருங்கள்

கோபாலபுரம் வழியாகக் கேரளாவில் உள்ள கொழிஞ்சாம்பாறைக்குப் பைக்கில் போகிறவரைப் போலீஸ் நிறுத்துகிறது. கையில் இன்சூரன்ஸ் இல்லை. அபராதம் கட்டாமல் விட்டதால், கொஞ்ச நாளில் மலையாளத்தில் ஒரு சம்மன் வருகிறது. நம் பக்கத்தில் பலர் அதை முழுதாகப் படித்துக் கேட்காமலே போய், "ஆமாம் சார், தப்புத்தான்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் விலை பெரிது.

முதலில் சம்மனில் பிரிவு எண்ணைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 196 என்றால் இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டியதாகக் குற்றச்சாட்டு. முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000. பாலிசி இருந்தது, கையில் மட்டும் இல்லை என்றால் அது வேறு விஷயம். பொதுப்பிரிவான 177-இல் முதல் முறை 500 ரூபாய் வரைதான்.

எது உங்கள் நிலை என்பதைப் பாலிசியின் முதல் பக்கம் சொல்லிவிடும். பைக்கை நிறுத்தியது மார்ச் 10 காலை 10.15 என்று வைத்துக்கொள்வோம். பாலிசி மார்ச் 9 நள்ளிரவோடு முடிந்திருக்கிறது, புதியதை 10-ஆம் தேதி மாலை 4 மணிக்கு எடுத்திருக்கிறீர்கள் என்றால் அது காப்பாற்றாது. தொடங்கும் நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும். இந்த நிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்வதே நல்லது. பழைய பாலிசி அன்று நடப்பில் இருந்திருந்தால் 196-ஐ ஒப்புக்கொள்ளவே கூடாது.

சம்மன், லைசென்ஸ், ஆர்.சி., அன்றைய தேதியை உள்ளடக்கிய பாலிசி ஆகியவற்றின் அசலும் நகலும், அபராதத்துக்குப் பணமும் எடுத்துச் செல்லுங்கள். போனில் காட்டுவதை நம்பிப் போகாதீர்கள். வழக்குக் கட்டில் வைக்கக் காகிதம் வேண்டும். காலையிலேயே போய், உங்கள் வழக்கு எண் அன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் நீதிபதி குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். புரியவில்லை என்றால் "தமிழில் சொல்லச் சொல்லுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். பதிலைக் கூடியவரை நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். "ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இன்சூரன்ஸ் இருந்தது" என்று இரண்டுங்கெட்டானாகச் சொல்லாதீர்கள். பாலிசி இருந்தால் "குற்றத்தை மறுக்கிறேன், அன்று பாலிசி நடப்பில் இருந்தது" என்று சொல்லி நகலைக் கொடுங்கள். வழக்கு விசாரணைக்குப் போகலாம், இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும். முடிவெடுக்க முடியாவிட்டால் வக்கீல் வைக்க அவகாசம் கேளுங்கள்.

ஒப்புக்கொண்டால் தண்டனை பெரும்பாலும் அன்றே. பிறகு அப்பீலில் தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும் மட்டுமே கேட்கலாம், குற்றமே செய்யவில்லை என்று வாதாட முடியாது. அடுத்த வழக்கில் இது முதல் குற்றமாகக் கணக்கில் வரும். பணத்தைக் கோர்ட் அலுவலகத்தில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள்.

வர முடியாதவர்கள் சம்மனிலேயே வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். சில சம்மன்களில் ஒரு தொகை குறித்து, அதை அனுப்பி ஒப்புதல் கடிதமும் எழுதினால் போதும் என்றிருக்கும். அதுவும் செய்யாமல், நேரிலும் வராமல், வக்கீலையும் அனுப்பாமல் இருந்தால் வாரண்ட் வரலாம்.