மேசைக்கரண்டிக்குள் இருக்கும் 22/7

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "ஆஸ்திரேலியச் செய்முறை ஒன்றைப் பார்த்து கேக் செய்தேன். மூன்று கப் மைதாவுக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று போட்டிருந்தது. அளவுக்கரண்டியால் தலைதட்டி அளந்துதான் போட்டேன், ஆனாலும் கேக் சரியாக எழும்பவில்லை. ஒரு மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. தானே?"

நம் கடைகளில் விற்கும் அளவுக்கரண்டிகளில் 15 மி.லி. என்றுதான் பொறித்திருக்கும், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான், நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இன்று அதுவே வழக்கம். ஆஸ்திரேலியாவில் மட்டும் ஒரு மேசைக்கரண்டி 20 மி.லி. தேக்கரண்டி அங்கும் 5 மி.லி.தான் என்பதால், மற்ற நாடுகளில் மூன்று தேக்கரண்டி சேர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி ஆகும்போது, ஆஸ்திரேலியாவில் நான்கு தேவைப்படுகிறது. வாசகி கால் பங்கு பேக்கிங் பவுடரைக் குறைத்துப் போட்டிருக்கிறார். மாவிலும் சிறிது குறைந்திருக்கும், ஏனெனில் ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி., நம் கடைக் கப் பெரும்பாலும் 240 மி.லி. ஆனால் அது நூற்றுக்கு நான்கு பங்கு குறைவு மட்டுமே. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், மாவின் அளவுக்குச் சேர வேண்டிய பேக்கிங் பவுடரில் ஏறத்தாழ 22 விழுக்காடு சேரவில்லை. கேக் தட்டையாகிப் போக இது போதுமான காரணம். அடுத்த முறை 15 மி.லி. கரண்டியால் ஒன்றும் 5 மி.லி. கரண்டியால் ஒன்றும் போட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

ஒரே பெயருள்ள கரண்டி நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்பதற்கான விடை, 1707-இல் இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தில் தொடங்குகிறது. வைனுக்கு வரி வசூலிக்க வேண்டுமானால் ஒரு காலன் என்பது எவ்வளவு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் வரையறுத்தாக வேண்டும். அந்தச் சட்டம், 7 அங்குல விட்டமும் 6 அங்குல ஆழமும் கொண்ட, அடிப்பகுதி சமதளமான உருளை வடிவப் பாத்திரம் ஒன்றில் கொள்ளும் அளவு, அதாவது 231 கன அங்குலம், ஒரு வைன் காலன் என்று விதித்தது.

இந்த இரண்டு வரையறைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் எவரும் சரிபார்த்துவிடலாம். உருளையின் கனஅளவு πr²h. விட்டம் 7 என்றால் ஆரம் 3.5, அதன் வர்க்கம் 12.25, அதை உயரம் 6-ஆல் பெருக்கினால் 73.5. இதை π-யின் உண்மையான மதிப்பால் பெருக்கினால் 230.907 கன அங்குலம் வருகிறது, 231 வரவில்லை. ஆனால் நாம் பள்ளியில் பயன்படுத்திய 22/7 என்ற தோராய மதிப்பால் பெருக்கிப் பாருங்கள்: மிச்சமே இல்லாமல் 231 வருகிறது. விட்டம் 7 ஆக இருப்பதால் 22/7-இன் கீழே உள்ள 7 அடிபட்டுப் போய், பின்னமில்லாத முழு எண் ஒன்று கிடைக்கிறது. எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி ஏற்படுகிறது. π-யின் பள்ளிக்கூடத் தோராயம் ஒன்று சட்டப் புத்தகத்தில் ஏறி, முந்நூறு ஆண்டுகள் கடந்து, இன்றும் அமெரிக்கச் சமையலறைகளில் எண்ணெயையும் உப்பையும் அளந்துகொண்டிருக்கிறது. அந்தத் தோராயத்தால் விளைந்த வேறுபாடு ஒரு காலனுக்கு வெறும் ஒன்றரை மில்லிலிட்டர்; ஒரு மேசைக்கரண்டிக்கு வந்து சேரும் பங்கு கண்ணுக்கே தெரியாது.

காலனிலிருந்து கரண்டிக்கு இறங்கும் வழி, பாதி பாதியாகப் பிரிப்பது. ஒரு திரவத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிப்பது கடினம். இரண்டு ஒரே மாதிரிப் பாத்திரங்களில் மட்டம் பார்த்து ஊற்றிச் சரிபாதியாக்குவது எவருக்கும் எளிது. நம் ஊரிலும் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று முகத்தலளவை இரட்டிப்பாகவே ஏறியதற்கு இந்த வசதியே காரணம் என்பது என் கருத்து. வைன் காலனை ஏழு முறை பாதியாக்கினால் 128-இல் ஒரு பங்கு கிடைக்கும். அது ஒரு திரவ அவுன்ஸ். எட்டாவது முறையும் பாதியாக்கினால் 256-இல் ஒரு பங்கு, அதுதான் மேசைக்கரண்டி. இன்னும் இரண்டு முறை பாதியாக்கினால் 1024-இல் ஒரு பங்கு. மருந்து வணிகர்கள் அதை டிராம் என்றார்கள்.

இதை மில்லிலிட்டருக்கு மாற்றுவதற்கு ஒரே ஒரு எண் போதும். 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஓர் அங்குலம் மிகச் சரியாக 2.54 செ.மீ. என்று உடன்பாடு செய்துகொண்டன. ஆகவே ஒரு கன அங்குலம் 16.387 மி.லி.; 231 கன அங்குலம் 3785.41 மி.லி. அதை 256-ஆல் வகுத்தால் 14.79 மி.லி. இதுவே அமெரிக்க மேசைக்கரண்டியின் பழைய அளவு. அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்தில் மட்டும், அரசு விதிப்படி, அது 15 என்று முழுமையாக்கி எழுதப்படுகிறது.

தேக்கரண்டி இந்த இரட்டிப்புப் படிக்கட்டிலிருந்து விலகியதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. தேயிலை பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்தபோது அது விலை உயர்ந்த பொருளாக இருந்தது. கோப்பைகள் சிறியவை, அவற்றில் கலக்கும் கரண்டிகளும் சிறியவை. அன்றைய தேக்கரண்டி ஒரு டிராம் கொண்டது, அதாவது சுமார் 3.7 மி.லி. அப்போது நான்கு தேக்கரண்டி சரியாக ஒரு மேசைக்கரண்டி. பின்னர் தேயிலையின் விலை இறங்கியது, கோப்பைகள் பெரிதாயின, கரண்டியும் கூடவே வளர்ந்தது. வளர்ந்த தேக்கரண்டிகளில் மூன்றே ஒரு மேசைக்கரண்டியை நிரப்பிவிட்டன. அமெரிக்கா அந்தப் புதிய விகிதத்தை ஏற்றுக்கொண்டதால், அங்கு ஒரு தேக்கரண்டி 14.79-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4.93 மி.லி. ஆயிற்று.

பிரிட்டன் வேறு திசையில் போயிற்று. 1824-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வைன் காலனையும் பீருக்கு வைத்திருந்த தனிக் காலனையும் நீக்கிவிட்டு, பத்து பவுண்டு எடையுள்ள தண்ணீர் பிடிக்கும் இடமே ஒரு காலன் என்று புதிதாக வகுத்தது. அமெரிக்கா அதற்கு வெகு காலம் முன்பே பிரிந்து சென்றுவிட்டதால் பழைய வைன் காலனையே வைத்துக்கொண்டது. புதிய பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அதை 128-ஆகப் பிரிக்காமல் 160 அவுன்ஸாகப் பிரித்ததால், காலன் பெரிதாக இருந்தும் பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் அமெரிக்க அவுன்ஸைவிடச் சிறியது: 28.4 மி.லி. அதில் பாதி 14.2, எட்டில் ஒரு பங்கு, அதாவது பழைய டிராம் தேக்கரண்டி, 3.55 மி.லி. பழைய பிரிட்டிஷ் மருந்துக் குறிப்புகளில் தேக்கரண்டி என்று கண்டால் இந்தச் சிறிய அளவையே நினைக்க வேண்டும். அங்கே இன்றைய 5 மி.லி. கரண்டியை வைத்தால் நாற்பது விழுக்காடு கூடுதலாகிவிடும்.

மெட்ரிக் முறை வந்தபோது தேக்கரண்டியை 5 மி.லி. என்று முழுமையாக்குவது எங்கும் எளிதாக இருந்தது. மேசைக்கரண்டிக்கு அதை எத்தனையால் பெருக்குவது என்பதில்தான் இரண்டு வழிகள் இருந்தன. வளர்ந்த தேக்கரண்டியின் மூன்று என்ற விகிதத்தால் பெருக்கினால் 15. டிராம் காலத்து நான்கு என்ற விகிதத்தால் பெருக்கினால் 20. 1970-இல் மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் இயற்றிய ஆஸ்திரேலியா 20-இல் நிற்கிறது. அதன் பக்கத்து நாடான நியூசிலாந்து 15-இல் நிற்கிறது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு, இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகள் 14.7868 மி.லி. என்று நான்கு தசம இடம் வரை எழுதுவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமே ஏற்படுகிறது, ஏனெனில் அந்தத் துல்லியம் கரண்டியில் இல்லை. அரைக்கோள வடிவில் 5 மி.லி. கொள்ளும் ஓர் அளவுக்கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயின் விட்டம் சுமார் 2.7 செ.மீ. வரும், வாயின் பரப்பு 5.6 சதுர செ.மீ. தண்ணீரை நிரப்பிப் பக்கவாட்டில் பார்த்தால், பரப்பு இழுவிசையால் நீர் விளிம்பைத் தாண்டி மேலெழும்பிச் சிந்தாமல் நிற்பது தெரியும். அந்த மேடு சராசரியாக ஒரே ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும், கரண்டியில் 0.56 மி.லி. கூடுதலாக இருக்கிறது, அது நூற்றுக்குப் பதினொரு பங்கு. அமெரிக்கத் தேக்கரண்டிக்கும் மெட்ரிக் தேக்கரண்டிக்கும் இடையிலான வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆகவே 4.93-ஐயும் 5-ஐயும் ஒன்றாகவே கருதலாம். 15-ஐயும் 20-ஐயும் ஒருபோதும் ஒன்றாகக் கருதக் கூடாது. எந்த எண்ணை மதிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறிவதுதான் அளவியல்.

மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஊசி இல்லாத சிரிஞ்சின் உட்குறுக்களவு கரண்டியின் வாயைவிட மிகக் குறுகியது. அதில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் தவறினால் 0.1 மி.லி. அளவுக்கே பிழை வரும். கிரேக்க நாட்டு வீடுகளிலிருந்து கரண்டிகளைச் சேகரித்து அளந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது: தேக்கரண்டிகள் 2.5 மி.லி. முதல் 7.3 மி.லி. வரை கொண்டன. ஒரே பெயரில் ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு. இத்தகைய எளிய, செலவு குறைந்த அளவீட்டு ஆய்வுகளை நம் கல்லூரிகளும் செய்ய வேண்டும், அவற்றுக்குச் சிறிய தொகையாவது ஒதுக்கப்பட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2015-இல், குழந்தைகளுக்கான திரவ மருந்துகளைக் கரண்டிக் கணக்கில் எழுதாமல் மில்லிலிட்டரில் மட்டுமே எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவர் "ஒரு ஸ்பூன்" என்று வாயால் சொன்னால், எத்தனை மி.லி. என்று அங்கேயே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளப்பதற்கு, மருந்துப் புட்டியோடு வரும் குறியிட்ட மூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

சமையலுக்கு வைத்திருக்கும் கரண்டி எத்தனை மி.லி. என்று அறிய, சமையலறைத் தராசு ஒன்று போதும். அறை வெப்பநிலையில் ஒரு மி.லி. தண்ணீரின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். தராசின் மேல் கிண்ணத்தை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, நீர் மேடு கட்டாமல் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பிப் பத்துக் கரண்டி ஊற்றி, வரும் கிராமைப் பத்தால் வகுக்க வேண்டும். ஒரு கிராம் வரைதான் காட்டும் தராசிலும், பத்துக் கரண்டியாக அளப்பதால் ஒவ்வொரு கரண்டிக்கும் 0.1 மி.லி. வரை தெரிந்துவிடும். மேசைக்கரண்டிக்கு 150 கிராமுக்கு அருகில் வந்தால் அது 15 மி.லி. கரண்டி, 200-க்கு அருகில் வந்தால் ஆஸ்திரேலியக் கரண்டி, 80, 100 என்று வந்தால் அது சாப்பிடும் கரண்டி, அளக்கும் கரண்டி அன்று.