கட்டத்தில் காணாமல் போன அணி

பொங்கல் போட்டிகள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மன்னார்குடியில் ஃப்ளெக்ஸ் அச்சிடும் என் கடையில் இன்னும் லீக் அட்டவணைகளை, அதாவது இடது ஓரத்திலும் மேலேயும் அணிப் பெயர்களும் நடுக் கட்டங்களில் முடிவுகளும் வரும் அட்டவணைகளை, திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தத் தை மாதத்தில் மட்டும் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது ஆறு அணிகள் மோதிய கைப்பந்து லீக். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்துடன் ஒரு முறை, மூன்று செட் ஆட்டம், மொத்தம் 15 ஆட்டங்கள். எக்செல்லில் இடது அணி, வலது அணி, இருவரும் வென்ற செட் என நான்கு பத்தியில் பட்டியல் இருந்தது. "பிவட் டேபிள் போட்டுவிட்டோம் அண்ணே, அப்படியே அச்சிட்டால் போதும்" என்றார்கள். அவசரத்தில் நானும் அச்சிட்டுவிட்டேன். மறுநாள் காலை ஒரத்தநாட்டு அணித் தலைவர் பதாகை முன்னால் நின்று, இடது ஓரத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அணிக்கு வரிசையே இல்லை.

காரணம் எளிது. குலுக்கல் எண்படி எழுதிய பட்டியல் அது. முதல் எண் எடுத்த நீடாமங்கலம் எப்போதும் இடப்பக்கம், ஆறாம் எண் எடுத்த ஒரத்தநாடு எப்போதும் வலப்பக்கம். பிவட் டேபிள் இடப்பத்தியில் இருக்கும் பெயர்களைத்தான் வரிசையாக்கும். ஆகவே ஒரத்தநாட்டுக்கு வரிசை இல்லை, நீடாமங்கலத்துக்கு நெடுக்குப் பத்தி இல்லை. ஆறுக்கு ஆறாக வரவேண்டியது ஐந்துக்கு ஐந்தாக வந்தது. இரண்டாம் எண் எடுத்த மன்னார்குடிக்கு வரிசையில் நான்கு ஆட்டங்களே இருந்தன. பார்வைக்கு மட்டும் அழகாக இருந்தது!

"ஒரு ஆட்டம் என்றால் ஒரு கட்டம்தானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, இல்லவே இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக் அட்டவணையில் அது சரி. அங்கே 20 அணிகள், சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என 380 ஆட்டங்கள்; ஓர் அணி தன்னையே சந்திக்கும் மூலைவிட்டம் போக 380 கட்டங்கள். வரிசையில் இருப்பது சொந்த மைதான அணி, அதற்கு அர்த்தம் உண்டு. ஊர்த் திடலில் ஒரே முறை மோதும் லீக்கில் இடம், வலம் என்பது எழுதியவர் கை போன போக்கு. ஆகவே ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு கட்டங்களில் வரவேண்டும்: நீடாமங்கலம் வரிசையில் 2-1 என்றால், ஒரத்தநாட்டு வரிசையில் அதே ஆட்டம் 1-2. ஆறு அணிக்கு 36 கட்டங்கள், மூலைவிட்டம் ஆறு போனால் 30.

வழி இதுதான். 15 வரிகளையும் நகலெடுத்துக் கீழே ஒட்டுங்கள். ஒட்டிய வரிகளில் அணிப் பெயர்களை இடம் மாற்றுங்கள், செட் எண்களையும் சேர்த்து மாற்றுங்கள். (பெயரை மட்டும் மாற்றி எண்ணை மறந்தவர்களும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.) இப்போது A முதல் D வரை 30 வரிகள். G2 முதல் கீழாகவும் H1 முதல் வலமாகவும் ஆறு பெயர்களை எழுதி, H2 கட்டத்தில் இதைப் போட்டு எல்லாக் கட்டங்களுக்கும் இழுங்கள்:

```
=IF($G2=H$1,"×",
IF(COUNTIFS($A$2:$A$31,$G2,$B$2:$B$31,H$1,$C$2:$C$31,"<>")=0,"",
SUMIFS($C$2:$C$31,$A$2:$A$31,$G2,$B$2:$B$31,H$1)&"-"&
SUMIFS($D$2:$D$31,$A$2:$A$31,$G2,$B$2:$B$31,H$1)))
```

நடுவில் உள்ள COUNTIFS வேண்டாத வேலை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இன்னும் நடக்காத ஆட்டம் 0-0 என்று விழும்.

செட் எண்களைத் தயவுசெய்து தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஒரே கட்டத்தில் 2-1 என்று அடித்தால் எக்செல் அதை ஜனவரி 2 ஆக்கிவிடும். 2-0 மட்டும் அப்படியே நிற்கும், பூஜ்யமாவது மாதம் கிடையாதே. பொங்கல் போட்டி என்பதால் அதை ஆட்டம் நடந்த தேதி என்றே ஒருவர் நம்பிவிட்டார். பிறகு வடிவத்தை எழுத்தாக மாற்றினாலும் பழைய முடிவு திரும்பாது, ஐந்து இலக்க எண்தான் கிடைக்கும்.

அச்சுக்கு வரும் முன் வரிசைக்கு ஐந்து முடிவுகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒரு வரிசையில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் பெயரில்தான் கோளாறு: பட்டியலில் ஓரிடத்தில் மன்னார்குடி, இன்னோரிடத்தில் மன்னை, கும்பகோணம், குடந்தை, அல்லது பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. கணினிக்கு இவை வேறு வேறு ஊர்கள். மூன்று செட் ஆட்டத்தில் 4-2 என்று வந்தால் அதே ஆட்டம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, அல்லது இறுதிப்போட்டியையும் லீக் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள்.

ஒரத்தநாட்டுப் பதாகையை என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை பட்டியலையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள். அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பினால் இதில் எதையும் என்னால் சரிபார்க்க முடியாது.