வாழ்த்தை அனுப்புகிறவரே வாய்விட்டுப் படிக்கட்டும்

மதுரையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழோடு பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளும் அடித்துக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் வாடிக்கையாளர் கொண்டுவருவதை அப்படியே தட்டிவிட்டு, பிழை பார்ப்பதற்காக நானே ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன். என் வாய்க்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் "இதயம் கனிந்த" வகையறாவை நாள் முழுக்கத் தட்டிப் பழகிய வாய் இது. அனுப்புகிறவர் வாயில் அது எப்படி வருகிறது என்று கேட்காமல் அச்சடித்தது தப்பு என்று புரிய ரொம்ப நாளாயிற்று.

ஒரு வேன் ஓட்டுநர் தன் அக்காவின் 50-வது பிறந்தநாளுக்கு எழுதிக் கொண்டுவந்தது இது:

"அன்பும் பாசமும் நிறைந்த என் ஆருயிர் அக்காவுக்கு இதயம் கனிந்த இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள். தாயாகவும் தந்தையாகவும் இருந்து என்னை வளர்த்து ஆளாக்கிய தாங்கள், எல்லா வளமும் நலமும் பெற்று நீடூழி வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். உங்கள் தியாகத்தை என்றென்றும் மறவேன்."

மொத்தம் 32 சொற்கள். அவரையே படிக்கச் சொல்லி, செல்போனில் பதிவு செய்துகொண்டு, நான் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வேலையில் நான் கவனிப்பது மூன்றுதான்: எங்கே நாக்கு தடுக்குகிறது, எங்கே எழுதியிருப்பதை விட்டு வேறு சொல் வாயில் வருகிறது, எங்கே குரல் மேடையில் மைக் பிடித்தவர் குரலாக மாறுகிறது. முதல் வரியிலேயே மைக் குரல் வந்துவிட்டது, "நீடூழி" வந்தபோது மூச்சு வாங்கினார், "மறவேன்" என்பதை "மறக்க மாட்டேன்" என்று படித்தார், அப்படி மாற்றியது அவருக்கே தெரியவில்லை. பதிவைப் போட்டுக் காட்டியதும்தான், "இது நான் பேசுற மாதிரியே இல்லைங்க" என்றார்.

சரி, வெட்ட ஆரம்பித்தோம். முதலில் போனவை ஜோடிச் சொற்கள், அன்பும் பாசமும், வளமும் நலமும் போன்றவை. இவற்றில் ஒன்றை எடுத்தாலே மற்றதும் அங்கே நிற்காது. அடுத்து ஆருயிர், கனிந்த, இனிய. "தாங்கள்" என்ற இடத்தில், "அக்காவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "நீன்னுதான், சின்னப் புள்ளையிலிருந்து அப்படித்தான்." அப்படியென்றால் தாங்களும் வேண்டாம், உங்களும் வேண்டாம். "தாயாகவும் தந்தையாகவும்" என்பதை மறுபடி படித்தபோது அவரே நிறுத்தினார், அம்மா வீட்டில்தான் இருக்கிறார், அவர் முன்னால் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று. தாளில் கண்ணால் படித்தபோது அது தோன்றவேயில்லை.

"தியாகம்" மட்டும் வேறு விதம். அதை வெறுமனே அடித்துவிட்டால் வாழ்த்தில் அவருடையது என்று எதுவும் மிஞ்சாது. என்ன தியாகம் என்று கேட்டேன். "லைசன்ஸ் எடுக்கக் காசு இல்லாதப்ப வளையலை அடகு வச்சுக் குடுத்துச்சு" என்றார், அக்காவைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்தில் வரும் அந்தப் பாசமான "ச்சு"வோடு. அந்த வாக்கியத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் "நல்லா இரு" என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, அது பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்வது, தம்பி சொன்னால் நன்றாக இருக்காது என்று அவரே மாற்றினார், கூடவே ஒரு "க்கா"வையும் ஒட்டினார். அக்கா என்று முதலிலேயே இருக்கிறதே என்று அதை எடுக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் என்னோடு பேசும்போதும் அக்கா பேச்சு வந்தால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சுருக்கமாக இருக்கட்டும் என்று அதையும் வெட்டியிருந்தால் அவரையே வெட்டியதாகிவிடும்.

"அக்கா, பிறந்தநாள் வாழ்த்துகள். நீ வளையலை அடகு வைத்து எடுத்துக் கொடுத்த லைசன்ஸ்தான் இன்னும் சோறு போடுது. நல்லா இருக்கணும்க்கா."

இப்போது 15 சொற்கள். கவனித்தால் "வச்சு" என்பது "வைத்து" ஆகியிருக்கும். எல்லாவற்றையும் பேசுகிறபடியே எழுதினால் அட்டையில் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டி வரும், அதனால் வாய் தானாகவே பேச்சுக்கு மாற்றிக்கொள்ளும் இடங்களை எழுத்து வழக்கிலேயே விட்டுவிடுவேன். "போடுது", "நல்லா இருக்கணும்" இரண்டையும் மட்டும் தொடவில்லை. போடுகிறது என்று எழுதிப் படிக்கச் சொன்னபோது மைக் குரல் திரும்ப வந்துவிட்டது.

ஊர் சார்பாக வைக்கும் பேனருக்கோ சங்கம் கொடுக்கும் வாழ்த்துமடலுக்கோ இதைச் செய்ய மாட்டேன், அங்கே பேசுவது ஒரு ஆள் இல்லை, அந்த மேடைக் குரல் அங்கே பொருத்தமானதுதான்.

மூன்றாவது தடவை படித்தபோது அவர் தாளைப் பார்க்கவில்லை, குரலும் இறங்கியிருந்தது. அதற்கு மேல் நான் பென்சிலைத் தொடவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி அடித்து, கீழே பெயருக்கு மட்டும் இடம் விட்டேன். அதைக் கையால் எழுதிக்கொள்கிறேன் என்று பேனா கேட்டு வாங்கினார்.