36 சதவீதமும் 95 பேரும்

அமெரிக்கப் பத்திரிகைகளில், கொழுப்பைக் குறைக்கும் லிப்பிட்டார் மாத்திரைக்கு ஒரு விளம்பரம் வந்தது. மாரடைப்பு அபாயம் 36% குறைகிறது என்று பெரிய எழுத்தில். அடியில் பொடி எழுத்தில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 3% பேருக்கு மாரடைப்பு, இதைச் சாப்பிட்டவர்களில் 2% பேருக்கு. இரண்டுமே உண்மைதான், பொய் எதுவும் இல்லை.

எண்கள் 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்காட் ஆய்விலிருந்து. ரத்த அழுத்தத்தோடு வேறு மூன்று ஆபத்துக் காரணிகளாவது உள்ளவர்கள் அதில் இருந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 5,137 பேரில் 154 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. லிப்பிட்டாரில் உள்ள மருந்தான அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எடுத்த 5,168 பேரில் 100 பேருக்கு. சதவீதமாக்கினால் 3.00, 1.94. தசமங்களைச் சுருக்காமல் இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.645, அதாவது ஆபத்தில் சுமார் 36% போய்விட்டது. இது ஒப்பீட்டுக் குறைவு. வகுக்காமல் கழித்தால் 1.06 சதவீதப் புள்ளிதான் வரும், இதுதான் நேரடிக் குறைவு. 100-ஐ இந்த 1.06-ஆல் வகுத்தால் 94.3, வழக்கப்படி மேல்நோக்கி முழுமையாக்கினால் 95. ஒருவரைக் காப்பாற்ற 95 பேர் மாத்திரை சாப்பிட வேண்டும், இதைத்தான் என்.என்.டி. என்கிறார்கள்.

விளம்பரத்தின் 3, 2 என்ற முழு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் 100 வரும், 3.0, 1.9 என்று எடுத்தால் 91. அதனால்தான் மருந்து பற்றிய கட்டுரையில் சதவீதம் மட்டும் போதாது, இரு பக்கமும் எத்தனை பேருக்கு எத்தனை நிகழ்வு என்ற மூல எண்ணிக்கையும் வேண்டும் என்பேன். ஒப்பீட்டுக் குறைவு, நேரடிக் குறைவு இரண்டையும் சேர்த்தே தரும்படி, மருத்துவ ஆய்வு முடிவுகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் கான்சார்ட் 2010 வழிகாட்டுதலும் பரிந்துரைத்தது.

அந்த 95-உம் கல்லில் பொறித்ததில்லை. நேரடிக் குறைவின் 95% நம்பக இடைவெளியை, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையை, நானே போட்டுப் பார்த்தேன், தோராயமாக 0.464 முதல் 1.662 வரை வந்தது, என்.என்.டி.யாகத் திருப்பினால் 60-லிருந்து 216 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்! தனி எண்ணாக 95 என்று மட்டும் எழுதும் கட்டுரை இதை மறைத்துவிடுகிறது.

அப்புறம் காலம். ஆய்வை ஐந்து வருடம் நடத்தத் திட்டமிட்டார்கள், பலன் தெரிந்ததால் முன்னதாகவே நிறுத்தினார்கள். சராசரியாகச் சுமார் 3.3 வருடக் கண்காணிப்பு. எனவே "95 பேர், 3.3 வருடம்" என்று சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம். இன்னொரு ஆய்வின் பத்து வருட என்.என்.டி.யை இதன் பக்கத்தில் வைத்து எந்த மருந்து தேவலை என்று பேசுவது வெட்டிப்பேச்சு.

ஆரம்ப ஆபத்து மாறினாலும் எண் மாறும். ஒப்பீட்டுக் குறைவு ஓரளவு நிலையாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் 15% ஆபத்துள்ள நோயாளிக்கு 36% என்பது 5.4 புள்ளி, என்.என்.டி. 19. 1% ஆபத்துள்ளவருக்கு 0.36 புள்ளி, என்.என்.டி. 278. மாத்திரை அதேதான், 36-உம் அதேதான்.