காராமணிச் செடி குள்ளமான வியாழக்கிழமை

கடலூர் முதுநகரில் எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு காராமணி முளைத்தது. பக்கத்திலேயே 15 செ.மீ. ஸ்கேல் ஒன்றைச் செருகி, போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். செவ்வாயன்று செடியின் நுனி 6.5-க்கு நேராக இருந்தது, வியாழனன்று 6.4-க்கு. நன்றாக இலை விட்டுக்கொண்டிருக்கிற செடி ஒரு மில்லிமீட்டர் குறையுமா என்ன?

குறையவில்லை. தப்பு ஸ்கேல் நின்ற இடத்தில் இருந்தது. நான் அதைத் தொட்டியின் முன் விளிம்பில் செருகியிருந்தேன், செடியோ நடுவில், 4 செ.மீ. பின்னால் நிற்கிறது. கேமராவுக்குக் கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரியும் என்பதால், ஸ்கேலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் செடியின் ஒரு சென்டிமீட்டரைவிடப் பெரிதாகப் படத்தில் விழுந்துவிட்டது. அப்படியானால் எல்லாப் படத்திலும் ஒரே அளவு குறைவாகத்தானே காட்ட வேண்டும் என்று தோன்றும். நான் நின்ற இடம் மாறியதுதான் வில்லங்கம். செவ்வாயன்று நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன், ஸ்கேலுக்கும் போனுக்கும் இடையே சுமார் 50 செ.மீ. வியாழனன்று குந்தி உட்கார்ந்து, ஸ்கேலுக்கும் போனுக்கும் இடையே 16 செ.மீ. மட்டுமே இருக்கும்படி கிட்டே போய் எடுத்திருக்கிறேன். அதே மாதிரி திரும்ப உட்கார்ந்து டேப்பால் அளந்து பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

கணக்கு சுலபம். செடி தெரியும் உயரம் = உண்மை உயரம் × (ஸ்கேல் தூரம் ÷ செடியின் தூரம்). செவ்வாயன்று 50/54, அதாவது 7 செ.மீ. செடி 6.5 ஆகத் தெரிந்தது. வியாழனன்று 16/20, அதாவது 8 செ.மீ. செடி 6.4 ஆகிவிட்டது. இரண்டு நாளில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததை என் படம் விழுங்கிவிட்டது.

ஸ்கேலைத் தண்டோடு ஒட்டினாற்போல, கேமராவிலிருந்து அதே தூரத்தில் நிறுத்தினால் இந்தத் தொல்லை போய்விடும். வேர் நசுங்கும் என்று பயந்தால் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், 4 செ.மீ. வித்தியாசம் அப்போது 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சந்தேகத்துக்கு ஒரு சாட்சியும் வைக்கலாம். ஐஸ் குச்சியில் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, தண்டுக்குப் பக்கத்தில் குத்திவையுங்கள். படத்துக்குப் படம் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்த இடைவெளியும் 'வளர்ந்தால்' அல்லது சுருங்கினால், மாறியது செடி அல்ல, நீங்கள் நின்ற இடம்.

ஸ்கேலைச் சரியாக நிறுத்திய பிறகு எடுத்த இரண்டு படங்களை இப்படி அளந்தேன். இமேஜ்ஜே (ImageJ) என்ற இலவச மென்பொருளில் ஸ்கேலின் 0 முதல் 10 வரை ஒரு கோடு இழுத்து, `Analyze > Set Scale` போய் அது 10 செ.மீ. என்று சொல்லிவிட்டால், அப்புறம் செடியின் மீது இழுக்கும் கோட்டை நேராக சென்டிமீட்டரில் சொல்லும். இதை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகச் செய்ய வேண்டும், முதல் படத்தில் செய்ததை அப்படியே விடக்கூடாது. முதல் படம் 9.0, அடுத்தது 11.2. இடைவெளி மூன்று நாள் என்று வகுத்தால் நாளைக்கு 0.73 செ.மீ. ஆனால் முதல் படம் காலை 7 மணி, அடுத்தது மாலை 5 மணி, ஆக 82 மணி நேரம். சரியான விடை 0.64. நேரத்தைப் படத்தின் தகவலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் இருக்காது, அதனால் நான் தேதி, மணி எழுதிய துண்டுச் சீட்டையும் படத்துக்குள் வைத்துவிடுவேன்.

தினமும் படம் எடுக்கலாம், தினமும் வேகம் கணக்கிடாதீர்கள். நுனி எங்கே என்று குறிப்பதில் எனக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். ஒரு நாள் வளர்ச்சியே ஆறு மில்லிமீட்டர்தான் என்றால் அந்தப் பிழை பெரியது, மூன்று நான்கு நாள் விட்டுப் பார்த்தால் அதே பிழை சின்னதாகிவிடும்.

இங்கே மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். செடி 20 டிகிரி சாய்ந்தால் உயரம் 6 சதவீதம் குறைவாகத் தெரியும், அதுவும் கேமராவை நோக்கிச் சாய்ந்தால் படத்தில் சாய்வே தெரியாது. அதனால் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றினால் மண்ணும் கொஞ்சம் இறங்கும். மண்மட்டத்திலிருந்து அளந்தால் செடி சும்மாவே உயர்ந்த மாதிரி ஆகிவிடும், ஆகவே தண்டின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து அளக்கிறேன்.

காராமணி கொடி வீச ஆரம்பித்ததும் இதெல்லாம் வேலைக்கு ஆகாது. வளைந்து சுற்றும் தண்டுக்கு நேர்க்கோடு எப்படிப் போட முடியும்? என் செடி மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதும் ஸ்கேலை எடுத்துவிட்டேன். இப்போது நூலைத் தண்டோடு ஒட்டிப் பிடித்து, பிறகு நீட்டி அளக்கிறேன்.